முப்பதாவது வினாடியில் நான் போய் நின்றேன்

திருவனந்தபுரத்தில் ஒரு மனிதனை நான் பழிவாங்கியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவன் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போய் வணக்கம் சொன்னேன். சிரித்த முகத்தோடு, கையைக் கூப்பி, பணிவாகச் சொன்னேன். இதை எழுதும்போதுகூட உதட்டோரம் சிரிப்பு வருகிறது. அதனால் கடைசியில் நான் மனம் திருந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் வீடு கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், இரண்டிலும் எனக்குச் சரளமாகக் கோபம் வரும். ஆனால் பார்த்தது கோபத்தையே காட்டக் கூடாத வேலை. இருபத்துநான்கு வயதில் திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் ஒரு ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தேன். ஏசி ஹால், இருபத்திரண்டு மேஜை, எங்களுக்கு மெரூன் நிறத்தில் கோட்டு.

அந்த வேலையில் எல்லாரும் தட்டைத் தூக்குவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். தட்டை யாரும் தூக்கலாம். கஷ்டம் முதல் தடவை மேஜைக்குப் போவதில் இருக்கிறது. வந்து உட்கார்ந்தவர்கள் முதல் ஒரு நிமிஷம் ஓட்டலுக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். பையை எங்கே வைப்பது, ஏசிக்கு நேரே யார் உட்காருவது, வண்டியைப் பூட்டினோமா என்று அவர்கள் பாதி வெளியேதான் இருப்பார்கள். அப்போது மேலே போய் விழக் கூடாது. கண்டுகொள்ளாமலும் இருக்கக் கூடாது. தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு, உங்களைப் பார்த்துவிட்டேன், இதோ வருகிறேன் என்று. அது கிடைத்துவிட்டால் மனிதர்கள் சமாதானமாகி விடுவார்கள்.

அதன்பிறகு தண்ணீர். இந்த ஊரில் அதற்கு ஒரு வசதி உண்டு. பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய ரோஸ் நிறச் சுடுதண்ணீர் வேண்டுமா, பச்சைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம். யோசிக்காமலே பதில் சொல்லக்கூடிய கேள்வி. அதைக் கேட்டு, ஊற்றி, மெனு கார்டை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் அல்ல, அவர்கள் நிமிர்ந்தால் தெரிகிற இடத்தில். கார்டு மூடப்படும், அல்லது பேச்சு ஒரு வாக்கியத்தில் முடிந்து அடுத்த வாக்கியம் தொடங்காமல் நிற்கும், அல்லது யாராவது ஒருவர் தலையை நிமிர்த்துவார். அதுதான் நேரம். அவர் தலையைத் திருப்பி இரண்டாவது தடவை தேடினால் தாமதம். கையைத் தூக்கிக் கூப்பிட்டால் நாம் தோற்றாயிற்று. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பல மேஜைகளில் முறைப்பு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருஷத்தில் எனக்கு அது கைவந்துவிட்டது. பெருமையாகத்தான் சொல்கிறேன். குடும்பங்கள் வந்தால் என் பக்கத்து மேஜையைக் கேட்டு உட்காருவார்கள். அப்போதுதான் அவன் மேனேஜராக வந்து சேர்ந்தான்.

நாகர்கோவில்காரன். சென்னையில் ஓட்டல் படிப்புப் படித்தவன். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பான். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள், தமிழில் பேசலாம் என்று நான் முதல் நாள் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்னும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. கையில் எப்போதும் ஒரு பேனா. தலையை அமுக்கினால் 'டக்' என்று சத்தம் வரும் பேனா. ஆள் உட்கார்ந்ததும் வாட்சைப் பார்ப்பான். முப்பதாவது வினாடியில் 'டக்'. அந்தச் சத்தம் வரும்போது நாங்கள் மேஜையில் நின்று வாயைத் திறந்திருக்க வேண்டும்.

வாயைத் திறந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதியே கொடுத்திருந்தான். "வணக்கம் சார், வணக்கம் மேடம், உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி. மினரல் வாட்டரா, ஃப்ரெஷ் லைமா? இன்றைய ஸ்பெஷல் கரிமீன் பொள்ளிச்சது, நெத்திலி ஃப்ரை, செம்மீன் ரோஸ்ட். ஸ்டார்ட்டர் எதில் ஆரம்பிக்கலாம்?" எல்லாம் ஒரே மூச்சில். மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, தமிழில் ஒன்று. சாதாத் தண்ணீர் என்கிற சொல்லே அதில் கிடையாது. இரண்டு நிமிஷத்தில் ஆர்டர் வராவிட்டால் மறுபடி போக வேண்டும். "ஒரு நிமிஷம்" என்று அவர்கள் சொன்னால் விலகக் கூடாது, ஜூஸ் ஏதாவது வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

"உக்காந்த ஆளை யோசிக்க விடப்படாது, கேட்டியா?" என்பான். "யோசிச்சான்னா மீல்ஸ் போதும்னு சொல்லிருவான். அவன் மூச்சு விடுததுக்கு முன்னால நீ அங்க நிக்கணும்."

அவன் சொன்னது நடக்கவும் செய்தது. பதறிப்போய் நாலு அயிட்டம் கூடுதலாகச் சொன்னவர்கள் உண்டு. அவர்களில் யாரும் திரும்பி வரவில்லை என்பதை அவன் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கையில் ஆஸ்பத்திரி ஃபைல், பிரவுன் கவரில் பெரிய ஸ்கேன் படம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்தச் சாலையில் ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கவரைத் தெரியும். அவர் நாற்காலியை இழுத்து முதலில் மனைவியை உட்கார வைத்தார். கவரை மேஜையில் வைத்தார், பிறகு எடுத்து மடியில் வைத்தார், பிறகு பக்கத்து நாற்காலியில் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மாள் வெள்ளை மேஜைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தூரத்திலிருந்து தலையசைத்தேன். அவர் பார்த்தார், பதிலுக்கு லேசாகத் தலையசைத்தார். நான் இரண்டு கிளாஸ் ரோஸ் தண்ணீரைச் சூடாக எடுத்துப்போய், எதுவும் கேட்காமல் வைத்தேன்.

அவர் தமிழில், "கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா, சொல்லுதோம்" என்றார். அந்த அம்மாளைக் காட்டி, "விதுராவுக்கு மேல, மலை எஸ்டேட்லருந்து வாரோம். ஒரு நல்ல ஓட்டல்ல உக்காந்து மீன் திங்கணும்னு இவளுக்கு ரொம்ப நாளா ஆசை" என்றார்.

"மெதுவா சொல்லுங்க. நான் இங்கதான் நிப்பேன்" என்றேன்.

விலகி வந்து தூணருகே நின்றேன். அந்த அம்மாள் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு மிடறு குடித்தார். முதுகு கொஞ்சம் நாற்காலியில் சாய்ந்தது. இன்னும் இரண்டு நிமிஷம் விட்டால் அவர் கார்டைக் கையில் எடுத்திருப்பார். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

'டக்' என்றது.

நான் தலையை ஆட்டினேன், இப்போது வேண்டாம் என்று. மறுபடி 'டக்'. பிறகு அவன் என்னைத் தாண்டிப் போனான். போகிற போக்கில் அந்த மேஜைக்குக் கேட்கும்படி, "இது என்ன, பஸ் ஸ்டாண்டா, தூணைப் பிடிச்சுட்டு நிக்க?" என்றான். போய், அந்த அம்மாளின் தலைக்குப் பின்னாலிருந்து, ஒரே மூச்சில் ஒப்பித்தான். வரவேற்பதில் மகிழ்ச்சி என்றான். கரிமீன் என்றான், செம்மீன் என்றான். அவர், "கொஞ்சம் இருங்க சார்" என்றார். இவன், "ஃப்ரெஷ் லைம் கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றான்.

அந்த அம்மாள் அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை. கண்ணீர் நேராக மேஜைத்துணியில் விழுந்தது. கணவர் எழுந்தார், கவரை எடுத்தார், "வா, பஸ்ல ஏறிருவோம்" என்று மனைவியின் தோளைப் பிடித்தார். வாசலுக்குப் போகும்போது என்னைப் பார்த்து, "தண்ணிக்கு நன்றிம்மா" என்றார். இரண்டு கிளாஸிலும் முக்கால் தண்ணீர் மிச்சம் இருந்தது.

வந்தவர்கள் எழுந்து போனதற்குக் காரணம் நான் என்று அவன் ரிப்போர்ட்டில் எழுதினான். மறுநாள் காலை, கடை திறக்குமுன் எல்லாரையும் கூட்டி நிறுத்துகிற நேரத்தில், என்னை அதே மேஜை முன் நிறுத்தி, காலி நாற்காலிகளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னான். சொன்னேன். மறுபடி என்றான். முப்பத்தைந்து தடவைக்கு மேல் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் 'டக்'. கூட வேலை பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் அவன் எனக்கு 'ஸ்லோ மோஷன்' என்று பெயர் வைத்தான். ஹாலுக்குள் வர வேண்டாம், உள்ளே கிளாஸ் துடை என்றான். நாலு மாதம் கிளாஸ் துடைத்தேன். வெந்நீரில் விரல் வெளுத்துப்போய், ஒவ்வொரு கிளாஸிலும் அவன் முகத்தைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டே துடைத்தேன். பிறகு வேலையை விட்டேன்.

எனக்கு அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆசை இல்லை. அவன் ஒரு நாள் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒரு நிமிஷத்துக்காகத் தவிக்க வேண்டும். அந்த நிமிஷத்தை நான் கொடுக்கக் கூடாது. இதை மட்டும்தான் நான் ஆறு வருஷம் விரும்பினேன்.

அந்த ஆறு வருஷமும் கோவளம் பைபாஸில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன், இன்றும் அங்கேதான். கல்லாவில் உட்காரும் சேச்சிதான் முதலாளி. என்னை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "வந்நவரு ஆத்யம் ஒந்நு இரிக்கட்டே." வந்தவர்கள் முதலில் ஒழுங்காக உட்காரட்டும். எனக்கு அது போதுமாக இருந்தது. ஹாலை என் பொறுப்பிலேயே விட்டுவிட்டார்.

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கம்பெனிக்காரர்கள் மதியம் எங்கள் கடைக்கு வருவதுண்டு. அப்படி ஒருநாள், பன்னிரண்டரை மணிக்கு மூன்று பேருக்கு மூலை மேஜையைப் போனில் சொல்லிவைத்தார்கள். முதலில் வந்தவன் அவன்.

டை இல்லை. வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது. என்னைப் பார்த்து, "விஐபி கெஸ்ட், நல்லா கவனிக்கணும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் என்றைக்கு எங்கள் முகத்தைப் பார்த்தான்? காத்திருந்த நேரத்தில் போனில் யாரிடமோ பேசினான். சொந்தமாகக் கேட்டரிங் தொடங்கியிருக்கிறான் என்றும், துறைமுக வேலைக்கு வந்திருக்கும் ஒரு கட்டுமானக் கம்பெனியின் மெஸ்ஸை எடுத்து நடத்தப் பார்க்கிறான் என்றும், முடிவு செய்கிற மேடமே இன்று வருகிறார் என்றும் எனக்கு அதிலிருந்தே தெரிந்துவிட்டது. "இது கெடச்சாதான் நான் நிமிர முடியும்" என்று அவன் சொன்னதும் என் காதில் விழுந்தது.

சக ஊழியரிடம் போய், மூலை மேஜையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அந்த மேடம் ஐம்பது வயதுக்காரர். சைட்டிலிருந்து நேராக வந்திருந்தார், செருப்பில் செம்மண். கூட ஒரு இன்ஜினியர். மேடம் பையைக் கீழே வைத்தார், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். விடியற்காலையிலிருந்து நின்ற கால். அவருக்கு இரண்டு நிமிஷம் வேண்டும், அதன்பிறகு சூடாக ரசம் போல ஏதாவது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. வேறு யாராவது அழைத்து வந்திருந்தால் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது எண்ணினேன். போனேன். மேடத்தின் தலைக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரே மூச்சில், "வணக்கம் சார், வணக்கம் மேடம், உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி. மினரல் வாட்டரா, ஃப்ரெஷ் லைமா?" என்று ஆரம்பித்தேன்.

மேடம் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவன் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். நெத்திலி ஃப்ரை என்று நான் சொன்னபோது புருவம் சுருங்கியது. "ஸ்டார்ட்டர் எதில் ஆரம்பிக்கலாம்?" என்று நான் முடித்ததும் அவன் நிமிர்ந்தான். என் முகத்தைவிட முதலில் அவனுடைய வாக்கியத்தைத்தான் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. பிறகுதான் என்னைத் தெரிந்தது. அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன், கோவில் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"தண்ணி மட்டும் வை. கொஞ்சம் கழிஞ்சு வா" என்றான்.

வைத்தேன். வந்தேன். இரண்டு நிமிஷம் கழிந்ததும் போனேன். ஆனால் கடிகாரம் ஒரு பேச்சுக்குத்தான். எப்போது போக வேண்டும் என்று தெரிந்த எனக்கு எப்போது போகக் கூடாது என்றும் தெரியும். இன்ஜினியர் பேசும்போது நான் அசையவில்லை. மேடம் ஏதோ கேட்டார், அவன் நாற்காலியில் முன்னால் வந்து, இரண்டு கையையும் மேஜையில் வைத்து, "மேடம், எங்க சர்வீஸ்ல என்ன ஸ்பெஷல்னா" என்று வாயைத் திறந்தான். அப்போது போய் நின்றேன்.

"ஸ்டார்ட்டர் சொல்லட்டுமா சார்?"

"சொல்லுதோம். ஒரு நிமிஷம்."

"ஃப்ரெஷ் லைம் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

மேடம் என்னைப் பார்த்தார். "பேசிட்டிருக்கோம்லாம்மா" என்றார். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. கோபமில்லை, களைப்புதான் இருந்தது. இதோடு விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, நான் விடுவதாக இல்லை. தலை குனிந்து விலகி வந்தேன்.

அடுத்த தடவை இன்ஜினியர் ஒரே நேரத்தில் இருநூறு பேர் உட்கார்ந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார். அவன் பதிலை யோசித்துக்கொண்டே தண்ணீர் கிளாஸை எடுத்தான். உக்காந்த ஆளை யோசிக்க விடக் கூடாது இல்லையா? போனேன். "இன்றைய ஸ்பெஷல் கரிமீன் பொள்ளிச்சது" என்றேன். அவன் யோசனை அறுந்தது. "ஆளு... ஆளு நெறைய இருக்கு" என்று உளறினான். பிறகு எப்படியாவது என்னை அங்கிருந்து அனுப்பினால் போதும் என்று, கார்டைத் திறக்காமலே, கரிமீன், நெத்திலி, செம்மீன், நண்டு, மூன்று மீல்ஸ் என்று அடுக்கினான். மேடத்திடம் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விருந்துக்கு அழைத்தவன் விருந்தாளியைக் கேட்காமல் ஆர்டர் சொல்வதை அந்த மேஜையில் இரண்டு பேரும் கவனித்தார்கள். அவனுடைய முறை அவன்மேலேயே வேலை செய்ததைப் பார்க்க எனக்கு மனசு அவ்வளவு குளிர்ந்தது.

சாப்பாடு வந்தது. இலையில் மீனைப் பார்த்து மேடம் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். அவன் மளமளவென்று தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். "பரிமாறுதவங்களுக்கு ட்ரெய்னிங் எல்லாம் நானேதான் மேடம் குடுப்பேன். வேற ஆளை விடுறதில்ல." அவன் கை பழக்கத்தில் பையிலிருந்த பேனாவை எடுத்து அமுக்கியது.

'டக்' என்றது.

நான் போய் நின்றேன். "சார், கூப்பிட்டீங்களா?"

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மற்ற மேஜைகளில் ஜனங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. "இங்க எல்லா டேபிளுக்கும் இப்படித்தான் வருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"பின்ன எங்களுக்கு மட்டும் என்ன?"

"இது சார் சொல்லிக்குடுத்த முறை மேடம். நான் சார்கிட்டதான் வேலை படிச்சேன். முப்பது செகண்ட்ல போணும், யோசிக்க விடப்படாது. சார் வந்திருக்காருன்னு அதே மாதிரி செஞ்சேன்."

அவன் வெளிறிப்போய், "மேடம், இவ என்கிட்ட கொஞ்ச நாள்தான். சரியா வேலை பாக்கலைன்னு நான்தான் இவளை உள்ள மாத்தினேன்" என்றான்.

"அப்போ இவ உங்ககிட்ட வேலை பார்த்தது உண்மைதான்" என்றார் மேடம். "அந்த வார்த்தையெல்லாம் நீங்க எழுதினதா?"

அவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினான். ஒரு நிமிஷத்துக்காகத் தவிக்கிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று நான் ஆறு வருஷம் கற்பனை செய்திருந்தேன். கற்பனையைவிட நேரில் நன்றாகவே இருந்தது.

"எங்க ஆளுங்க பன்னெண்டு மணிநேரம் வெயில்ல நின்னுட்டு வந்து உக்காருவாங்க" என்றார் மேடம். "அவங்க தலைமேல நின்னு ஒருத்தர் இப்படி ஒப்பிச்சா கையிலிருக்கிற தட்டைத் தூக்கி எறிஞ்சிருவாங்க. வேண்டாம் சார், இதை இங்கேயே விட்ருவோம்." மேஜையில் இருந்த அவனுடைய ஃபைலை மூடி அவன் பக்கமாகத் தள்ளினார்.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். என்னைத் தாண்டும்போது நின்றான். "இவ்வளவு நாளும் மனசுல வச்சிருந்தியா?" என்று கேட்டான்.

"முப்பத்தஞ்சு தடவை சொல்ல வச்சீங்கல்லா சார். எப்படி மறக்கும்?" என்றேன்.

அவன் போனதும் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற நிலையில் குடித்தேன். அந்த எஸ்டேட் அம்மாள் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அவருக்காகவும் சேர்த்துத்தான் செய்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அப்படி நினைக்க நன்றாகவும் இருந்தது.

கை கழுவும் இடத்தில் மேடம் முகம் கழுவிக்கொண்டு நின்றிருந்தார். துடைக்கத் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சுவர்க்கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"உனக்கு எப்ப வரணும்னு நல்லாத் தெரியும், இல்லியா?"

நான் குழாயை இறுக்கி மூடினேன்.

"தெரியாத ஆளு இவ்வளவு சரியா தப்பான நேரத்துல வர முடியாதும்மா. ஒரு தடவை தப்பும், ரெண்டு தடவை தப்பும். நீ ஒரு தடவைகூடத் தப்பலை." துண்டை மடித்து என்னிடமே கொடுத்தார். "அவரு உனக்கு என்ன செஞ்சாரோ, நான் கேக்கலை. செஞ்சிருப்பாரு. காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடலை. இங்க வந்து கொஞ்சம் நிம்மதியா உக்காரலாம்னு நெனைச்சேன்."

"ரசம் கொண்டு வரட்டுமா மேடம்? சூடா இருக்கு."

"நேரமாச்சும்மா" என்றார்.

இன்ஜினியர் வண்டியைத் திருப்பிக் காத்திருந்தார். மேடம் ஏறிப் போய்விட்டார்.

சேச்சி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "நாளை முதல் ஒராழ்ச நீ பார்சல் எடுத்து கொடுத்தா மதி" என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் பார்சல் கட்டினால் போதும், ஹாலுக்குள் வராதே என்று அர்த்தம். சரி என்றேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மனிதன் இன்னும் நிமிரவில்லை என்று கேள்விப்பட்டேன், அதிலும் வருத்தமில்லை. நாளைக்கே வந்து உட்கார்ந்தாலும் முப்பது எண்ணிவிட்டுப் போய் நிற்பேன்.

அன்று மூலை மேஜையை நானேதான் துடைத்தேன். அவன் இலையில் எலும்பு மட்டும் இருந்தது, அவ்வளவு அவமானத்திலும் தின்றிருக்கிறான். இன்ஜினியர் பாதி சாப்பிட்டிருந்தார். மேடத்தின் இலையில் கரிமீன் வைத்தது வைத்தபடி இருந்தது, சோற்றில் விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. அவருடைய கிளாஸை எடுத்தேன். அதில் முக்கால் தண்ணீர் மிச்சம் இருந்தது.